ஒரே தாள், மூன்று விடைகள்

பெரிய அரங்கில் நூறு பேருக்கு நடக்கும் விரிவுரை ஒரு வகை. அதே பாடத்துக்கு வாரம் ஒருமுறை இருபது, இருபத்தைந்து பேரை மட்டும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, கையில் தாளும் கால்குலேட்டரும் கொடுத்து நடத்தும் வகுப்பு இன்னொரு வகை. பல்கலைக்கழகங்களில் இதற்கு டுடோரியல் என்று பெயர். பிளஸ் டூவில் கோட்டைவிட்டவர்கள் போகும் டுடோரியல் வேறு, இது வேறு.

விரிவுரையில் எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். ஆசிரியர் போர்டில் கணக்கைப் போட்டுக்கொண்டே போவார், நாமும் எழுதிக்கொண்டே போவோம். புரிந்ததா இல்லையா என்பது தெரியவருகிற இடம் டுடோரியல்தான். அதிலும் புள்ளியியலில் ஒரு வில்லங்கம் உண்டு. இங்கே சூத்திரத்தைத் தப்பாகப் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. சூத்திரத்தைச் சரியாகப் போட்டு, பொருந்தாத கேள்விக்குப் போட்டு, அழகான விடையோடு வெளியே போகிறவர்கள்தான் அதிகம். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பதற்காகவே இந்த வகுப்பைத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

நான் இளங்கலை இரண்டாம் ஆண்டுக்கு நடத்தும் ஒரு டுடோரியலை இங்கே விரித்துச் சொல்கிறேன். நேரம் ஒரு மணி. முதல் பதினைந்து நிமிடம் நான் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுவேன். அடுத்த இருபது நிமிடம் மாணவர்கள் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து இன்னொரு கேள்வியை முயல்வார்கள். மிச்சம் இருபத்தைந்து நிமிடம் மொத்த வகுப்பும் சேர்ந்து பேசும். மூன்றுக்கும் ஒரே ஒரு அட்டவணைதான்.

| நோயாளி | முதல் மருந்து | இரண்டாம் மருந்து |
|---|---|---|
| 1 | 0.7 | 1.9 |
| 2 | −1.6 | 0.8 |
| 3 | −0.2 | 1.1 |
| 4 | −1.2 | 0.1 |
| 5 | −0.1 | −0.1 |
| 6 | 3.4 | 4.4 |
| 7 | 3.7 | 5.5 |
| 8 | 0.8 | 1.6 |
| 9 | 0.0 | 4.6 |
| 10 | 2.0 | 3.4 |

புள்ளியியல் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ மனநல மருத்துவமனையில் இருந்த நோயாளிகளுக்குத் தூக்க மருந்துகள் கொடுத்துப் பார்த்ததை குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் 1905-இல் வெளியிட்டார்கள். மருந்து எதுவும் கொடுக்காத இரவுகளில் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் தூங்கினார், மருந்து கொடுத்த இரவுகளில் எவ்வளவு நேரம் தூங்கினார் என்று குறித்தார்கள். மருந்தால் கூடுதலாகக் கிடைத்த தூக்கம் எத்தனை மணி நேரம் என்பதுதான் அட்டவணையில் இருப்பது. மைனஸ் என்றால் தூக்கம் குறைந்துவிட்டது என்று பொருள்.

முதல் பதினைந்து நிமிடத்தில் இரண்டாம் மருந்தின் பத்தியை ஒரு தாளால் மூடிவிடுவேன். நான் கேட்டு, நானே விடை சொல்லும் கேள்வி இது: முதல் மருந்து உண்மையிலேயே தூக்கம் தருகிறதா?

பத்து எண்களின் சராசரி 0.75 மணி, அதாவது முக்கால் மணி நேரம். தருகிறது என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் எண்களைப் பாருங்கள். ஒருவருக்கு 3.7 மணி கூடியிருக்கிறது, இன்னொருவருக்கு 1.6 மணி குறைந்திருக்கிறது. இப்படிச் சிதறிக் கிடக்கும் எண்களிலிருந்து வந்த முக்கால் மணி நேரத்தை எவ்வளவு நம்பலாம்? வேறு பத்துப் பேரைப் பிடித்திருந்தால் அந்தச் சராசரி எங்கே போய் நின்றிருக்கும்?

சிதறலை அளக்கத் திட்ட விலக்கம் இருக்கிறது. இங்கே அது 1.79 மணி. இது ஒரு தனி நோயாளி சராசரியிலிருந்து எவ்வளவு விலகுவார் என்பதன் அளவு. நமக்கு வேண்டியதோ பத்துப் பேரின் சராசரி எவ்வளவு ஆடும் என்பது. சராசரி எடுக்கும்போது ஒருவரின் ஏற்றத்தை இன்னொருவரின் இறக்கம் கொஞ்சம் தின்றுவிடும், அதனால் ஆட்டம் குறையும். எவ்வளவு குறையும் என்றால், ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து அதனால் வகுக்கும் அளவுக்கு. 1.79-ஐ 3.16-ஆல் வகுத்தால் 0.566 வரும். இதுதான் திட்டப் பிழை.

இனி சராசரியைத் திட்டப் பிழையால் வகுக்க வேண்டும். 0.75-ஐ 0.566-ஆல் வகுத்தால் 1.33. மருந்துக்கு எந்த விளைவும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் இந்த விகிதம் தற்செயலாக எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. பத்துப் பேர் என்றால் ஒன்றைக் கழித்து 9 என்ற வரிசையைப் பார்க்க வேண்டும். அங்கே 2.26 என்று இருக்கும். விளைவே இல்லாத மருந்துகூட இருபதில் ஒருமுறை இந்த எல்லையை ஏதாவது ஒரு பக்கம் தாண்டும். நம்முடைய 1.33 அதைத் தொடவே இல்லை. ஆகவே முதல் மருந்து தூக்கம் தருகிறது என்று சொல்ல இந்தப் பத்துப் பேர் போதவில்லை. "தூக்கம் தராது" என்று நான் சொல்லவில்லை என்பதை இரண்டு தடவை சொல்வேன். அப்படியும் நான்கு பேர் "தராது" என்றே எழுதிக்கொள்வார்கள்.

இப்படி ஒரு கணக்கை முதலில் முழுதாகப் போட்டுக் காட்டுவது சோம்பேறிகளுக்கு ஊட்டிவிடுவது என்று சில ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் வெளியிட்ட இயற்கணித ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. புதிதாகக் கற்பவர்கள் போட்டு முடித்த கணக்குகளைப் படித்துவிட்டு அதே மாதிரிக் கணக்குகளைப் போடும்போது, எடுத்த எடுப்பிலேயே தாமாக முட்டிமோதியவர்களைவிட வேகமாகவும் குறைந்த தவறுகளோடும் போட்டார்கள். ஆனால் கவனியுங்கள், "அதே மாதிரி" கணக்குகளை. என்னுடைய இரண்டாவது கேள்வி அதே மாதிரி இருக்கக் கூடாது. பார்க்க அப்படி இருக்க வேண்டும், உள்ளே ஒரு படி தள்ளி இருக்க வேண்டும். இந்த டுடோரியலின் உயிர் அந்த ஒரு படியில்தான் இருக்கிறது.

மூடிய தாளை எடுத்துவிட்டுக் கேள்வியைப் போர்டில் எழுதுவேன்: இரண்டாம் மருந்து முதல் மருந்தைவிட அதிகத் தூக்கம் தருகிறது என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியுமா? கணக்குப் போட்டு, ஒரு வாக்கியத்தில் முடிவை எழுதவும்.

அவ்வளவுதான். எந்தச் சோதனை என்று எழுத மாட்டேன். வினாத்தாளின் தலைப்பில் "இணைப்பு டி-சோதனை" என்று அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். அதைச் செய்தால் இருபது நிமிடத்தில் எல்லாக் குழுவும் ஒரே விடையோடு நிற்கும். ஆசிரியருக்கு மனநிறைவு, பேசுவதற்கோ எதுவும் இல்லை.

இந்த இருபது நிமிடமும் நான் அறைக்குள் சுற்றிக்கொண்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வேலை. "சார், இது கரெக்டா?" என்று தாளைத் தூக்கிக் காட்டுவார்கள். தலையாட்டினால் பக்கத்துக் குழுவுக்கும் சேதி போய்விடும். "முடிவ வாக்கியமா எழுதிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். எந்தக் குழு எந்த வழியில் போகிறது என்பதைக் கையிலுள்ள சீட்டில் குறித்துக்கொள்வேன். பின்னால் யாரை எப்போது பேசச் சொல்வது என்பதற்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

வழக்கமாக மூன்று வழிகள் தென்படும்.

பெரும்பாலான குழுக்கள் விரிவுரையில் பார்த்த இரண்டு மாதிரிச் சூத்திரத்தை எடுக்கும். முதல் மருந்தின் சராசரி 0.75, இரண்டாவதன் சராசரி 2.33, வித்தியாசம் 1.58. இரண்டு பத்திகளின் சிதறலையும் சேர்த்தால் திட்டப் பிழை 0.849. வகுத்தால் 1.86. இருபது எண்களுக்கு 18 என்ற வரிசையில் எல்லை 2.10. எட்டவில்லை. முடிவு: சொல்ல முடியாது.

இன்னும் சிலர் நான் போட்ட கணக்கையே இரண்டாம் பத்திக்கும் போடுவார்கள். 2.33-ஐ அதன் திட்டப் பிழையான 0.633-ஆல் வகுத்தால் 3.68, எல்லையைத் தாண்டிவிட்டது. முதல் மருந்து தாண்டவில்லை, இரண்டாவது தாண்டியது, ஆகவே இரண்டாவதுதான் மேல் என்று எழுதுவார்கள்.

ஒரு குழு, சில நேரம் இரண்டு, அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பத்தி போடும். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டாம் மருந்திலிருந்து முதல் மருந்தைக் கழிப்பார்கள்: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இந்தப் பத்து எண்களின் சராசரியும் 1.58-தான். ஆனால் திட்ட விலக்கம் 1.23, திட்டப் பிழை 0.389. வகுத்தால் 4.06. எல்லையான 2.26-ஐ வெகுதூரம் தாண்டிவிட்டது. முடிவு: சொல்லலாம், நன்றாகவே சொல்லலாம்.

மூன்று வழியிலும் கூட்டல் கழித்தலில் தவறில்லை. போர்டில் மூன்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். எது எந்தக் குழுவுடையது என்று எழுத மாட்டேன். அறையில் ஒரு சலசலப்பு எழும். இங்கேதான் மூன்றாவது பகுதி தொடங்குகிறது, இந்த வகுப்பு நடக்குமா படுக்குமா என்பதும் இங்கே தெரிந்துவிடும்.

படுப்பதற்கு எளிய வழி, சரியான விடை போட்ட குழுவை முதலில் பேசச் சொல்வது. அவர்கள் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் பேனாவை எடுத்துத் திருத்திக்கொள்வார்கள், கலந்துரையாடல் அங்கேயே முடிந்துவிடும். அதனால் 1.86 போட்டவர்களிடம்தான் தொடங்குவேன். ஏன் அந்தச் சூத்திரம் என்று கேட்டால், "ரெண்டு மருந்து சார், ரெண்டு சாம்பிள்" என்பார்கள். நியாயமான விடை, அதைப் போர்டில் எழுதிவைப்பேன்.

பிறகு அவர்களுக்கு ஒரு வேலை. முதல் மருந்தின் பத்து எண்களையும் பத்துத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருப்பேன். அவற்றைக் குலுக்கிப்போட்டு, எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில் அட்டவணையில் ஒட்டச் சொல்வேன். ஒன்றாம் நோயாளிக்கு எட்டாம் நோயாளியின் எண் வந்துவிட்டது. "இப்ப உங்க விடைய மறுபடி போடுங்க."

கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டுவார்கள். யாராவது ஒருவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, "மாறாது சார்" என்பார். சராசரி மாறாது, சிதறல் மாறாது, 1.86 அப்படியே இருக்கும். மூன்றாவது பத்தி போட்ட குழுவோ, "எங்களுக்கு மாறுது சார், எல்லாம் போச்சு" என்று கத்தும். கணினி இருந்தால் ஆர் மென்பொருளில் இதை நேரிலேயே காட்டலாம். இந்தத் தரவு அதில் `sleep` என்ற பெயரில் கூடவே வருகிறது.

```
a <- sleep$extra[1:10]
b <- sleep$extra[11:20]
t.test(b, a)
t.test(b, sample(a))
t.test(b, a, paired = TRUE)
t.test(b, sample(a), paired = TRUE)
```

இரண்டாவது கட்டளையை எத்தனை தரம் ஓட்டினாலும் முதலாவதன் விடையே வரும். நான்காவது ஒவ்வொரு தரமும் ஒவ்வொன்று சொல்லும்.

இப்போது கேள்வி தானாகவே மாணவர்களிடமிருந்து வரும். யாருடைய எண் யாருடையது என்பதைக் கலைத்துப்போட்டாலும் விடை மாறவில்லை என்றால், அந்தச் சூத்திரம் அந்தத் தகவலைப் பார்க்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? அட்டவணையின் இடப்பக்கத்தில் 1 முதல் 10 வரை நோயாளி எண் போட்டிருந்தோமே, அது எதற்கு?

அந்தத் தகவலுக்கு என்ன மதிப்பு என்பதைக் காட்ட, முதலில் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு பத்தியை இப்போது கொடுப்பேன். மருந்து இல்லாத இரவுகளில் அவரவர் தூங்கிய நேரம் அது. ஒன்றாம் நோயாளி 0.6 மணி, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்தாம் நோயாளி 6.2 மணி. இவ்வளவு வேறுபட்ட மனிதர்கள். ஏழாமவருக்கு எந்த மருந்து கொடுத்தாலும் தூக்கம் அள்ளிக்கொண்டு போகிறது, 3.7-உம் 5.5-உம் கூடியிருக்கிறது. ஐந்தாமவருக்கு இரண்டுமே ஒன்றும் செய்யவில்லை. முதல் பத்தியில் உயரே இருப்பவர் இரண்டாம் பத்தியிலும் உயரேதான் இருக்கிறார். 1.86 போட்டவர்களின் திட்டப் பிழைக்குள் இந்த ஆளுக்கு ஆள் வேறுபாடு முழுதும் உட்கார்ந்திருந்தது. ஒருவரின் எண்ணிலிருந்து அவருடைய எண்ணையே கழித்தபோது, இரண்டிலும் பொதுவாக இருந்த அந்த வேறுபாடு அடிபட்டுப் போயிற்று. 0.849 பாதிக்கும் கீழே, 0.389-க்கு இறங்கியது அதனால்தான். மேலே இருக்கும் 1.58 இரண்டு வழியிலும் ஒன்றே. மாறியது கீழே இருக்கும் எண் மட்டும். இதை மாணவர்களையே தங்கள் வாயால் சொல்லவைக்க வேண்டும். நான் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் மனு கபூர் பள்ளி மாணவர்களை வைத்துத் திட்ட விலக்கப் பாடத்தில் செய்த ஆய்வுகள் இந்த இடத்துக்குப் பொருந்தும். பாடம் சொல்லிக்கொடுக்கும் முன்பே மாணவர்களைத் தாமாக வழிகளைக் கண்டுபிடிக்கவிட்டு, அவர்கள் தவறியபின் அந்த வழிகளையே எடுத்து ஒப்பிட்டுப் பாடம் நடத்தினால், நேரடியாகப் பாடம் கேட்டவர்களைவிட அவர்களுக்குக் கருத்து ஆழமாகப் பதிகிறது என்று அவர் காட்டினார். ஸ்வெல்லர் சொல்வதற்கு இது எதிர்ப்பக்கம்போலத் தோன்றும். இந்த வகுப்பில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது: கணக்குப்போடும் முறையை நான் காட்டிவிடுகிறேன், எதைக் கணக்குப்போடுவது என்பதில் அவர்களைத் தவறவிடுகிறேன்.

அடுத்து இரண்டாவது வழிக்காரர்கள். இவர்கள் முடிவு சரி, வந்த பாதை தவறு. அதனால் இவர்களைக் கையாள்வது இன்னும் கடினம். "எங்க விடையும் அதேதானே சார்?" என்று கேட்பார்கள். அவர்களுக்குக் கற்பனையாக ஒரு கணக்கு: ஒரு மருந்தின் விகிதம் 2.2, இன்னொன்றினுடையது 2.3, எல்லை 2.26. உங்கள் வழிப்படி ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது. இந்த இரண்டு மருந்துக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறதா? ஒன்றும் இல்லை, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டையும் தனித்தனியே பூஜ்யத்தோடு ஒப்பிட்டீர்கள், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவே இல்லை. அச்சில் வரும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்தப் பிழை சர்வசாதாரணம் என்பதால் இதில் ஐந்து நிமிடம் செலவழிப்பது தகும்.

இதற்குள் வகுப்பு ஒரு புதிய தவறுக்குத் தயாராகிவிட்டிருக்கும். "அப்ப எப்பவும் கழிச்சுப் போட்டாதான் நல்லதா சார்? அதுலதான் விடை பெருசா வருது." பெரிய விடை வருவதற்காக வழியைத் தேர்ந்தெடுப்பது! இதை விட்டுவிட்டு வகுப்பை முடித்தால், முடிக்காமல் இருந்ததைவிடக் கெடுதல். ஒவ்வொரு வரியிலும் இருப்பவர் ஒரே ஆள் என்பதால்தான் கழித்தோம். அந்த உரிமை சோதனை நடந்த விதத்திலிருந்து வருகிறது, கணக்குப் போட்டு வந்த விடையிலிருந்து வருவதில்லை. கழிப்பதற்கு ஒரு விலையும் உண்டு. இருபது எண்கள் பத்தாகிவிட்டன, எல்லை 2.10-இலிருந்து 2.26-க்கு ஏறிவிட்டது. இரண்டு பத்திகளுக்கும் ஒட்டுறவே இல்லாத தரவில் அந்த விலையைக் கொடுத்துவிட்டு எதையும் பெறாமல் திரும்ப வேண்டியதுதான்.

நேரம் இருந்தால் ஒன்பதாம் நோயாளியிடம் போவோம். கழித்துப் போட்ட பத்தியில் 4.6 மட்டும் தனியாக நிற்கிறது, அடுத்த பெரிய எண் 2.4 தான். "இவராலதான் ரெண்டாவது மருந்து ஜெயிச்சுது, இவரை எடுத்துட்டா படுத்துடும்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். எடுத்துவிட்டுப் போடச் சொல்வேன். சராசரி 1.58-இலிருந்து 1.24-க்கு இறங்குகிறது. விகிதம் 4.06-இலிருந்து 5.66-க்கு ஏறுகிறது! மருந்துக்கு மிகச் சாதகமான ஆளை நீக்கினால் மருந்துக்கான ஆதாரம் வலுக்கிறது. ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவர் சராசரியை மேலே இழுத்ததைவிடச் சிதறலை அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் திட்டப் பிழை 0.22-க்குச் சுருங்கிவிட்டது.

அதற்காக அவரை நீக்கலாமா? கூடாது. எண் தனியாக நிற்கிறது என்பது தவிர நீக்குவதற்கு நம்மிடம் காரணம் கிடையாது. வேறு வழியில் சரிபார்க்கலாம். அளவை விட்டுவிட்டுத் திசையை மட்டும் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு இரண்டு மருந்தும் சமம். மிச்சம் ஒன்பது பேருக்கும் இரண்டாவதுதான் மேல். இரண்டும் ஒரே தரமான மருந்துகள் என்றால், ஒன்பது தரம் நாணயம் சுண்டி ஒன்பதும் தலை விழுந்த மாதிரி. 512-இல் ஒருமுறை நடக்கும். ஒன்பதும் பூவாக விழுவதையும் சேர்த்துக்கொண்டால் 256-இல் ஒருமுறை. 4.6 என்பது 46 ஆக இருந்தாலும் இந்தக் கணக்கு அசையாது.

இவ்வளவும் முடிந்தபின்தான் இந்த எண்களின் கதையைச் சொல்வேன். முன்பே சொன்னால் விடையும் கூடவே போய்விடும். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் 1908-இல் பயோமெட்ரிக்கா இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பத்து, பன்னிரண்டு அளவீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதுதான் அவருடைய கவலை. ஆலையில் பார்லியையும் பீரையும் ஆயிரக்கணக்கில் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. தம் முறையை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இந்தத் தூக்க அட்டவணை. அவரும் கழித்துத்தான் போட்டார். இரண்டாம் மருந்து மேல் என்பதற்கு 666-க்கு 1 என்ற பந்தய விகிதம் கொடுத்தார். இன்று ஸ்டூடன்ட் டி-சோதனை என்று சொல்வது இதிலிருந்து வளர்ந்ததுதான்.

அவர் மருந்துகளின் பெயரைத் தப்பாகப் போட்டார் என்பது இன்னொரு சுவையான செய்தி. ஒரே மருந்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டதாக அவர் கட்டுரை சொல்கிறது. உண்மையில் அந்தப் பத்திகள் ஹயோசியமின், ஹயோசின் என்ற இரண்டு வேறு மருந்துகளுக்கு உரியவை. ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் தம் புகழ்பெற்ற பாடநூலில் அதே பெயர்களோடு அட்டவணையை எடுத்துக்கொண்டார். கணக்கு சரி, பெயர்ப்பலகை தப்பு. எந்தச் சோதனைச் சூத்திரமும் இதைக் காட்டிக்கொடுக்காது.

சூத்திரம் காட்டிக்கொடுக்காத வேறு சிலவும் உண்டு. அட்டவணையில் இருக்கும் ஒவ்வோர் எண்ணும் பல இரவுகளின் சராசரி. ஒருவருக்கு எத்தனை இரவு என்பது அட்டவணையில் இல்லை. எந்த மருந்தை முன்னால் கொடுத்தார்கள், எதைப் பின்னால் கொடுத்தார்கள் என்பதும் இல்லை. பழக்கத்தால் தூக்கம் கூடியிருந்தால் அது பின்னால் வந்த மருந்தின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். கலமசூவின் பத்து நோயாளிகளுக்கு இருந்த வேறுபாடு நம் ஊர்த் தூக்கமில்லாதவர்களுக்கும் இருக்கும் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. விகிதத்தோடு நிறுத்தாமல், வேறுபாடு எவ்வளவு இருக்கலாம் என்ற இடைவெளியையும் எழுதச் சொல்வேன்: 0.70 மணியிலிருந்து 2.46 மணி வரை. "மேல்" என்ற ஒரு சொல்லைவிட இந்த இரண்டு எண்கள் ஒரு மருத்துவருக்கு அதிகம் உதவும்.

கடைசி மூன்று நிமிடம் ஒரு துண்டுச் சீட்டு. பெயர் எழுத வேண்டாம். மூன்று சூழல்கள் கொடுப்பேன், எதில் கழித்துப் போடுவீர்கள் என்று ஒரு வரியில் காரணத்தோடு எழுத வேண்டும். ஒரே வயலைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு ரக நெல் போட்ட எட்டு விவசாயிகள். ஒவ்வொருவரின் வலக்கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து, இடக்கண்ணுக்கு இன்னொன்று. முதல் வார்டில் பத்துப் பேருக்கு ஒரு மருந்து, இரண்டாம் வார்டில் வேறு பத்துப் பேருக்கு இன்னொரு மருந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதியிருக்கிறது.

முதல் இரண்டையும் பெரும்பாலோர் சரியாக எழுதிவிடுவார்கள். மூன்றாவதில் ஒரு பகுதியினர் கழித்துவிடுவார்கள். காரணம் கேட்டால், "ரெண்டு பக்கமும் பத்து இருக்கு" என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சீட்டுகளை எண்ணிப் பார்த்துத்தான் அடுத்த வாரத்தைத் திட்டமிடுவேன். ஒன்றிரண்டு பேர் என்றால் வாசலில் நிறுத்திப் பேசிக்கொள்ளலாம். வகுப்பில் கால்வாசிக்கு மேல் என்றால் புதுப் பாடத்துக்குப் போகாமல், ஒரு வார்டில் பத்துப் பேரும் மற்றதில் ஒன்பது பேரும் இருக்கும் அட்டவணையோடு தொடங்குவேன். அதில் வரிசைக்கு வரிசை கழித்துக்கொண்டே வந்தால் கடைசி வரியில் ஒரு நோயாளி துணையில்லாமல் நிற்பார். அவரை என்ன செய்வது என்ற கேள்வி அந்த வாரத்துக்குப் போதும்.